ஐ.சி.யூ. படுக்கையில் இருப்பவரைப் படம் எடுக்கலாமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. மார்டள்ளிக்கு அருகிலுள்ள சுள்வாடி கிச்சுகுத்தி மாரம்மன் கோவிலில் பிரசாதமாகக் கொடுத்த தக்காளி சாதத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. 17 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காமகெரேக்கும் கொள்ளேகாலுக்கும், அங்கிருந்து மைசூருவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு வென்டிலேட்டரில்தான் மூச்சு ஓடியது. அந்த நாட்களில் ஸ்ட்ரெச்சரிலும் படுக்கையிலும் கிடந்தவர்களின் முகங்கள் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் வந்தன. படம் எடுக்கச் சம்மதம் சொல்லும் நிலையில் அவர்களில் பலர் இல்லை.

1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த மார்டள்ளி, இன்று சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் உயிருக்குப் போராடும் நோய் என்றால் இன்றும் மைசூருவுக்குத்தான் ஓட வேண்டும். கூடப் போகிறவர் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் ஊரிலும் பெங்களூரிலும் தமிழ்நாட்டிலுமாகச் சிதறிக் கிடப்பார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஒரு போட்டோ அனுப்பு.” அனுப்பலாமா, முதலில் எடுக்கலாமா என்பது பற்றி எழும் சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

நோயில் கிடப்பவரைப் படம் எடுப்பதே தவறு என்கிறார் எங்கள் பெரியம்மா. அது சரிதானா?

பெரியம்மாவின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் படம் எடுப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். யாருக்காக எடுக்கிறோம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. செவிலியரும் குடும்பத்தாரும் அன்றன்று நடந்ததை எளிய வார்த்தைகளில் எழுதி, இடையிடையே ஒரு படமும் ஒட்டுவார்கள். பிழைத்து எழுந்தவர் பிறகு அதைப் படிப்பார். இதற்கு ஒரு காரணம் உண்டு. மயக்க மருந்தில் நாள் கணக்கில் கிடந்தவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. அந்த வெற்றிடத்தில் பயங்கரமான கனவுகள் புகுந்துகொள்ளும். தன்னைக் கட்டிப்போட்டார்கள், கொல்லப் பார்த்தார்கள், குடும்பம் கைவிட்டுவிட்டது என்று மாதக்கணக்கில் உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவின் 6 நாடுகளில் 12 மருத்துவமனைகளைச் சேர்ந்த 352 பேரைப் பார்த்தார்கள். வீடு திரும்பிய பிறகு நாட்குறிப்பு கையில் கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் புதிதாக வந்தது. கிடைக்காதவர்களில் அது 13 சதவீதம். பலனைத் தந்தது எழுத்தும் படமும் சேர்ந்த நாட்குறிப்பு. வெறும் படத்துக்கு அந்தப் பலன் உண்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

அங்கே படம் நோயாளிக்காக எடுக்கப்படுகிறது, அவரிடமே போய்ச் சேர்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அது பார்க்க வர முடியாதவர்களுக்காக எடுக்கப்படுகிறது, நோயாளியைத் தவிர மற்ற எல்லோரிடமும் போய்ச் சேர்கிறது.

மாமனார் பேச முடியாத நிலையில் இருக்கிறார். அவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது?

பேசவில்லை என்றால் உணர்வில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விவசாயக் குடும்பங்கள் நிறைந்த நம் பக்கத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து உடலில் ஏறியவர்களில் சிலருக்கு, அது ஏறியதிலிருந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், முதல் ஆபத்து தணிந்தபின் இன்னொரு கட்டம் வரும். கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடியாது. தோளும் தொடையும் வலுவிழக்கும். மூச்சுத் தசைகள் தளர்ந்து மறுபடி வென்டிலேட்டர் வைப்பார்கள். தொண்டையில் குழாய் இருப்பதால் குரல் வராது. ஆனால் மூளை விழித்திருக்கலாம். காலடியில் நின்று நீங்கள் போனைத் தூக்குவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் முதலில் செவிலியரிடம், “இன்று மயக்க மருந்து ஓடுகிறதா? விழிப்பு எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். விழிப்பு இருந்தால் அவர் முகத்துக்கு நேரே போய், உங்கள் பெயரைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இந்தக் கட்டத்தில் தோள் தளர்ந்தாலும் விரல்களில் ஓரளவு வலு மிஞ்சியிருப்பது வழக்கம். “உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா மாமா? எடுக்கலாம் என்றால் என் விரலை ஒரு தடவை அழுத்துங்கள். வேண்டாம் என்றால் சும்மா இருங்கள்.” சும்மா இருப்பதை மறுப்பாக வைத்துக் கேட்பதுதான் முறை. களைப்பில் அசையாமல் கிடப்பதை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அப்போது இல்லை.

பூச்சிமருந்துக்கு முறிவு மருந்தாகக் கொடுக்கும் அட்ரோபினால் குழப்பமும் வரும். காற்றில் எதையோ பிடுங்குவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். அந்த நேரத்தில் கிடைக்கும் ‘சரி’யை நம்ப முடியாது. சில மணி நேரம் கழித்துத் தெளிவு வந்தபின் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

முழு மயக்கத்தில் இருப்பவர் என்றால் அவருடைய பழைய வழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தலை சீவாமல் வாசலுக்குக்கூட வராதவரா? பல்செட்டைக் கழற்றினால் வாயை முந்தானையால் மூடிக்கொள்பவரா? கல்யாண வீட்டிலும் கேமராவைக் கண்டால் ஒதுங்கியவரா? அப்படியென்றால் அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்.

படம் எடுத்தால் செவிலியர் திட்டுகிறார். எங்கள் ஆளை நாங்கள் எடுக்க உரிமை இல்லையா?

உங்கள் ஆளோடு பக்கத்துப் படுக்கைக்காரரும் படத்தில் விழுகிறார். நெருக்கமாகப் படுக்கைகள் போட்ட வார்டில் இதைத் தவிர்ப்பது கடினம். அவருடைய பெயர்ப் பலகை, அவருடைய சிறுநீர்ப் பை, அவர் மனைவி அழும் முகம் எல்லாம் உங்கள் போனில் வந்துவிடும்.

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. நோயாளி மயக்கத்தில் இருப்பதால் அந்த உரிமை குடும்பத்தாரின் கைக்கு மாறிவிடுவதில்லை. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகள் தெரியும்படி அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் வரும். அதற்கு 3 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மருத்துவமனை அங்கி எவ்வளவு எளிதில் விலகும் என்று பார்த்தவர்களுக்கு நான் இதைச் சொல்லும் காரணம் புரியும்.

எனவே பணியில் இருக்கும் மூத்த செவிலியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கன்னடம் தடுமாறினால் தெரிந்தவரை வைத்துக் கேளுங்கள். “ஊருக்கு அனுப்ப அல்ல, பிழைத்து எழுந்தால் அவருக்கே காட்ட” என்று காரணத்தையும் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் படத்தை விட்டுவிட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். நாட்குறிப்புக்கு அடிப்படையே அந்த எழுத்துதான்.

சரி, எடுப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி எடுப்பது?

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். மருந்தடித்து மயங்கி விழுந்த ஒரு விவசாயி. மைசூரு மருத்துவமனையில் ஐந்தாம் நாள். வாயில் குழாய், மூக்கில் உணவுக் குழாய், கழுத்தோரம் ஊசி. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டியிருக்கிறார்கள். கூட இருப்பது அவருடைய மகன்.

மகன் முதலில் செய்ய வேண்டியது போனின் ஃபிளாஷை அணைப்பது. அட்ரோபின் ஏறிய கண்ணில் பாவை விரிந்து கிடக்கும். சாதாரண வெளிச்சமே கூசும். ரண ஜன்னி நோயாளிக்கு இது இன்னும் ஆபத்து, திடீர் வெளிச்சமும் சத்தமுமே வலிப்பைத் தூண்டிவிடும். போனின் கிளிக் சத்தத்தையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு கையைக் கழுவி, போனையும் அங்கே இருக்கும் ஸ்பிரிட் திரவத்தால் துடைக்க வேண்டும். போனைப் படுக்கையில் வைக்கவே கூடாது.

அடுத்து, அப்பாவைப் படத்துக்கு ஆயத்தப்படுத்துவது. குழாயையும் கட்டையும் தொடாமல், செவிலியரைக் கேட்டு, வாயோரம் வழிந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிடலாம். தலையைக் கையால் கோதிவிடலாம். சிறுநீர்ப் பை படுக்கைக்குக் கீழே தொங்குவதால், இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தால் அது தெரியாது.

எங்கே நிற்பது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காலடியில் நின்று எடுத்தால் இரண்டு பாதங்களும் பெரிதாகத் தெரியும், முகம் தூரத்தில் சின்னதாகப் போகும். கிடத்திவைத்த உடலை எடுப்பது போல ஆகிவிடும். நேர் மேலிருந்து எடுத்தாலும் அதே தோற்றம்தான். படுக்கையின் ஓரமாக வந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில், முகத்தின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குடும்பத்தில் ஒருவருடைய கை அவர் கைமேல் இருப்பது நல்லது. பிறகு அதைப் பார்க்கும்போது, தான் அன்று தனியாக இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கட்டிய கையை மறைப்பதா? இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். என் கருத்தில், நோயாளிக்கென்று வைக்கும் ஒரு படத்தில் அது இருக்கலாம். ‘என்னைக் கட்டிப்போட்டார்கள்’ என்ற பயங்கர நினைவுக்கு, ஏன் கட்டினார்கள் என்ற விளக்கம் அதில்தான் கிடைக்கும். ஆனால் அந்தப் படத்தை வேறு யாரும் பார்க்கக் கூடாது.

கிளிக் செய்யும் முன் நான்கு மூலைகளையும் ஒருமுறை பாருங்கள். பெயரும் நோயும் எழுதிய பலகை, மானிட்டரில் ஓடும் பெயர், கைப்பட்டை, பக்கத்துப் படுக்கை. ஏதாவது தெரிந்தால் ஓரடி நகருங்கள். இரண்டு படம் போதும். உடனே வெளியே வந்து நோட்டில் எழுதுங்கள்: ‘ஐந்தாம் நாள், காலை. காய்ச்சல் குறைந்தது. சின்னவள் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய் இருப்பதால் பேச முடியவில்லை.’ அடுத்த படம் நிலைமை மாறும்போது எடுத்தால் போதும். குழாயை எடுத்த நாள், முதன்முதலாக உட்கார்ந்த நாள், இப்படி.

முகமே வேண்டாம் என்று தோன்றினால் கைகளை மட்டும் எடுங்கள். முகம் வீங்கி ஆளே மாறிப்போனவர்களுக்கு அதுதான் நல்லது.

எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். குழுவில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அக்கறையில்தான் அனுப்புவார்கள். ‘செபித்துக்கொள்ளுங்கள்’ என்று பங்குக் குழுவில் ஒருவர் போடுவார், அங்கிருந்து இன்னொருவர் ஸ்டேட்டஸில் வைப்பார். அடுத்தவர் போனில் இறங்கிய படத்தைத் திரும்ப வாங்க வழி கிடையாது. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பினாலும் இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 2016 செப்டம்பர் 22 அன்று அப்பல்லோவில் சேர்ந்த முதலமைச்சர் ஜெயலலிதா டிசம்பர் 5 அன்று மறைந்தார். எழுபத்து ஐந்து நாட்களில் ஒரு படம்கூட வெளியாகவில்லை. ஓராண்டுக்கு மேல் கழித்து, 2017 டிசம்பர் 20 அன்று, ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், அவர் படுக்கையில் பழரசம் குடிப்பது போன்ற வீடியோவை தினகரன் தரப்பைச் சேர்ந்த வெற்றிவேல் வெளியிட்டார். தேர்தல் ஆணையம் அதை ஒளிபரப்பக் கூடாது என்றது, காவல்துறை வழக்கும் பதிந்தது. அதை சசிகலாதான் எடுத்தார், விசாரணை ஆணையத்தில் தரத்தான் கொடுத்துவைக்கப்பட்டது என்று அந்தக் குடும்பத்தின் கிருஷ்ணப்ரியாவே வெளியீட்டைக் கண்டித்தார். ஜெயலலிதா எடுக்கச் சம்மதித்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். பொது இடத்தில் தன் தோற்றத்தில் அவ்வளவு கவனமாக இருந்தவர், இரவு உடையில் கால் தெரியும் காட்சியை ஊருக்குக் காட்டச் சம்மதித்திருப்பாரா? எடுக்கத் தந்த சம்மதம், காட்டுவதற்கான சம்மதம் ஆகாது. உங்கள் வீட்டுப் படத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

மறைத்தால் வதந்தி வராதா என்று கேட்கலாம். வரும். 2018 ஜூலை இறுதியில் கலைஞர் காவேரி மருத்துவமனையில் இருந்தபோதும் வதந்தி கிளம்பியது. குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு ஜூலை 29 அன்று பார்க்க வந்தபோது எடுத்த படம் வெளியானது, ஊரின் பதற்றம் சற்றுத் தணிந்தது. 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் படங்களும் வீடியோவும் தேர்தல் நேரத்தில் ஊர் ஊராகக் காட்டப்பட்டன. பதவியில் இருந்தவரின் உடல்நிலையை அறிய மக்களுக்கு ஓரளவு நியாயம் உண்டு. நம் சித்தப்பாவின் உடல்நிலையை நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தூரத்து உறவுகளுக்குக் குரல் பதிவில் நிலைமையைச் சொன்னால் போதும். முகத்தைக் காணாமல் தவிக்கும் மகளோ மகனோ இருந்தால், அப்பாவுக்கு விழிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அவரிடமும் செவிலியரிடமும் கேட்டு, ஒரு நிமிடம் வீடியோவில் பேசவைக்கலாம். “குழாய் இருக்கும், முகம் வீங்கியிருக்கும், பயப்படாதே” என்று மகளிடம் முன்பே சொல்லிவிட்டுப் போனைத் திருப்புங்கள்.

படம் ஒருவர் போனில் மட்டும் இருக்கட்டும். பேக்கப் இயங்கினால் கூகுள் போட்டோஸ் தானாகவே படங்களை மேலே ஏற்றி, அதே கணக்கில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் போனிலும் காட்டிவிடும். பூட்டிய கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.

காப்பீட்டுத் திட்டத்துக்கு என்று மருத்துவமனையே படம் எடுத்தது. தடுக்கலாமா?

ஆயுஷ்மான் பாரத் போன்ற திட்டங்களில், ஆள் உண்மையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று பார்க்க, படுக்கையில் இருக்கும் படத்தைக் கேட்பது வழக்கம். அது இல்லாவிட்டால் பணம் நின்றுபோகலாம். ஆனால் போர்வை சரிசெய்யும் வரை பொறுங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவர் பாடத்துக்காகவோ இதழுக்காகவோ எடுப்பது வேறு. நோயாளி யார் என்று தெரியும்படி அதை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன.

நோயில்பூசுதல் கொடுக்க சாமியார் வந்தார். அதைப் படம் எடுக்கலாமா?

அந்த நேரத்தில் போனைப் பையிலேயே வைத்திருங்கள். எண்ணெய் பூசும்போது எல்லோரும் செபத்தில் சேர்ந்திருப்பதுதான் நோயாளிக்குத் தேவை. நினைவாக ஒன்று வேண்டுமென்றால், முடிந்தபின் சாமியாரிடமும் கேட்டு, அவர் நோயாளியின் அருகில் நிற்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் எடு என்கிறான், அக்கா வேண்டாம் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

வேண்டாம் என்பவர் சொல்வதை. நாளைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம்.

பிழைத்து வந்தவருக்கு எப்போது காட்டுவது? இறந்துவிட்டால் படத்தை என்ன செய்வது?

வீடு வந்த முதல் வாரத்தில் காட்டாதீர்கள். அந்த ஐரோப்பிய ஆய்விலும் நாட்குறிப்பைக் கொடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். படம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். “எனக்கு என்னதான் நடந்தது?” என்று அவராகக் கேட்கும்போது, முதலில் நோட்டைப் படித்துக் காட்டுங்கள், பிறகு கடைசியாக எடுத்த நல்ல படத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். பகலில், ஆள் கூட இருக்கும்போது காட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். அழித்துவிடு என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள், குப்பைக் கோப்புறையிலிருந்தும் சேர்த்து. படத்தைப் பார்த்தபின் தூக்கமின்மையும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இறந்துவிட்டால் உடனே எதையும் அழிக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அஞ்சலிச் சுவரொட்டிக்கு அவர் நன்றாக இருந்தபோது எடுத்த படத்தையே கொடுங்கள். விபத்து, விஷம் என்று காவல்துறைக்குப் போன வழக்கு என்றால், அது முடியும் வரை தேதியோடு பத்திரமாக இருக்கட்டும். மற்றபடி நாற்பதாம் நாளோ ஆண்டு நினைவோ கழிந்தபின், மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். பார்க்க விரும்பாதவர் அந்த இடத்தை விட்டு எழுந்துபோக வழிவிடுங்கள்.